திரும்பி வந்த செக்கிற்கு வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் அனுப்புவது: படிப்படியாக

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் டயரும் ஹார்ட்வேர் சாமானும் விற்கும் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தோட்டங்களில் குத்தகை எடுப்பவர்கள்: செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள், உரம் போட ஆள் விடுபவர்கள், காட்டு வேலை எடுப்பவர்கள். கடனுக்குச் சாமான் எடுத்து மாதக் கடைசியில் செக் கொடுப்பார்கள். அதில் எப்போதாவது ஒன்று திரும்பி வரும். மலாய்க்காரர்கள் ‘செக் தெண்டாங்’ என்பார்கள், உதைபட்டு வந்த செக் என்று. நல்ல சொல்.

செக் திரும்பினால், வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் உடனே கடிதம் டைப் பண்ண உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த வேலையில் கடிதம் ஆறாவது படி. முந்தைய ஐந்தையும் செய்யாமல் எழுதினால் தொகை தப்பாகும், இல்லையென்றால் பெயர் தப்பாகும், அதுவும் இல்லையென்றால் கோபம் எழுத்தில் ஏறிவிடும். மூன்றையும் பார்த்திருக்கிறேன்.

ஒரே கணக்கை வைத்துக் கடைசி வரை போகலாம். ஒரு லோரிக்கார அண்ணன். தனி ஆளாகத் தொழிலைப் பதிந்து வைத்திருப்பவர். இரண்டு பில்: எண் 1147, லோரி டயர், ரிம 2,160. எண் 1162, எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும், ரிம 1,320. இரண்டுக்கும் சேர்த்து 13 ஜூன் 2025 தேதியிட்ட ஒரே செக், ரிம 3,480. திங்கள் 16-ஆம் தேதி பேங்கில் போட்டோம். செவ்வாய் 17-ஆம் தேதி திரும்பிவிட்டது.

தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

நாம் போட்ட அசல் செக் கைக்குத் திரும்பி வராது. இப்போது செக்கின் படம்தான் பேங்குகளுக்கிடையே போகிறது, அசல் நாம் போட்ட பேங்கிலேயே தங்கிவிடும். நமக்குக் கிடைப்பது செக்கின் படமும் திரும்பிய காரணமும் அச்சான ஒரு தாள். பேங்கில் இதை ஐஆர்டி என்பார்கள். முதலில் அதை வாங்கி வையுங்கள். புதியவர்கள் சிலர் அதைச் சாதாரண ரசீது என்று நினைத்து ஸ்டேப்ளர் குத்தி, ஓட்டை போட்டு ஃபைலில் கோத்துவிடுகிறார்கள். செக்கிற்குப் பதிலாக நிற்பது அந்தத் தாள்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

கூடவே நம்முடைய பேங்க் அறிக்கையில் அந்த வாரத்துப் பக்கம், இரண்டு பில்லின் நகல், சாமான் வாங்கியதற்கு அவரோ அவருடைய டிரைவரோ கையெழுத்துப் போட்ட டெலிவரி தாள், கடன் கணக்கு திறந்தபோது அவர் கையெழுத்திட்ட படிவம் இவ்வளவும் வேண்டும். டெலிவரி தாளை எல்லாரும் மறக்கிறார்கள். செக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பத்தில் ஒருவர், “அந்த ரெண்டாவது டயரு எனக்கு வரவே இல்லையே தம்பி” என்பார். அந்தப் பேச்சு வரும்போது தாளைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

1. காரண வரியைப் படியுங்கள்

திரும்பிய செக் எல்லாமே பணமில்லாத செக் அல்ல. அந்தத் தாளில் காரணம் ஒரு வரியில் இருக்கும். அதைப் பொறுத்தே அடுத்த படி மாறும்.

எழுத்தில் எழுதிய தொகையும் எண்ணில் எழுதியதும் ஒத்துப்போகவில்லை, கையெழுத்து மாதிரியோடு பொருந்தவில்லை, செக்கில் அடித்துத் திருத்தியிருக்கிறது, தேதி இன்னும் வரவில்லை, எழுதி ஆறு மாதம் தாண்டிவிட்டது: இவை எழுதியதிலோ போட்டதிலோ நடந்த தவறுகள். கடைசி இரண்டும் அநேகமாக நம் தவறுதான், போடும் முன் தேதியைப் பார்க்கவில்லை. இவற்றுக்கு நோட்டீஸ் வேண்டாம். போன் போட்டு வேறு செக்கோ பணமோ கேட்டால் போதும். கையெழுத்து கோணியதற்குக் கடுமையான கடிதம் அனுப்பிய கடை அந்த வாடிக்கையாளரை இழந்துவிடும்.

போதிய பணம் இல்லை, கணக்கு மூடப்பட்டது, எழுதியவரே பணத்தை நிறுத்தச் சொன்னார், எழுதியவரைக் கேட்கவும்: இந்த நான்கும் நோட்டீஸ் வகை. ‘நிறுத்தச் சொன்னார்’ என்று வந்தால் முதலில் யோசியுங்கள். சாமானில் அவருக்கு ஏதோ குறை இருக்கலாம். குறையைக் கேட்காமல் நோட்டீஸ் அனுப்பினால், அவர் எழுதும் பதிலில் நம் பக்கத்துத் தவறு முதல் வரியாக நிற்கும்.

இன்னொரு காரணமும் வருவதுண்டு: அவர் கணக்கில் போட்ட பணம் இன்னும் தெளியவில்லை. மில் கொடுத்த செக்கை அவர் காலையில் தன் கணக்கில் போட்டிருப்பார். நம் செக் அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். பணம் உண்டு, ஒரு நாள் முந்திவிட்டது. எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி நடக்கும். இதற்கும் முதலில் போன்தான்.

நம் லோரி அண்ணனின் தாளில் இருந்தது ‘போதிய பணம் இல்லை’.

2. அன்றைக்கே போன் பண்ணுங்கள்

நோட்டீஸ் கையில் கிடைக்கும்போது அது அவருக்குப் புதுச் செய்தியாக இருக்கக் கூடாது. அவர் பேங்க் அவரிடம் தனியாக அபராதம் பிடித்திருக்கும், ஆனால் பல பேர் அறிக்கையைப் பார்ப்பதே மாதம் முடிந்துதான். முதலில் நம்மிடமிருந்து தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

போனில் மூன்று விஷயம் மட்டும் பேசுங்கள்: எந்த செக், என்ன காரணம், எப்போது எப்படிக் கட்டுவீர்கள். நான் பேசியது இவ்வளவுதான்: “அண்ணே, பதிமூணாம் தேதி செக் திரும்பிருச்சு. மூவாயிரத்து நானூத்தி எம்பது. கணக்குல காசு பத்தலைன்னு வந்திருக்கு. எப்படிண்ணே பண்ணலாம்?” அவர் சொன்னது: “மில்லுக்காரன் இன்னும் போடல தம்பி. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி போட்டுப் பாருங்க.”

இந்த இடத்தில்தான் பல பேர் வழுக்குகிறார்கள். “சரி அண்ணே” என்று சொல்லி அதே செக்கை மறுபடி போடுவார்கள். மறுபடி திரும்பினால் நம் பேங்க் இன்னொரு முறை கட்டணம் பிடிக்கும். அவருக்கு அதைவிட மோசம்: 12 மாதத்துக்குள் மூன்று செக் பணமில்லாமல் திரும்பினால் கரண்ட் அக்கவுண்டையே பேங்க் மூடும் நிலை வரும், பேங்க் நெகாராவின் செக் பதிவில் அதுதான் எல்லை. கணக்கு மூடினால் அவரிடமிருந்து நமக்கு வரவேண்டியதும் சேர்ந்து சிக்கும். அதனால், “மறுபடி போட வேண்டாம்ணே, டூயிட்நவ்ல அனுப்பிடுங்க, நான் ஒரு கடிதமும் தர்றேன்” என்று முடித்தேன்.

பேசி முடித்ததும் தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை மூன்றையும் கணக்குப் புத்தகத்தில் குறியுங்கள். அப்புறம் ஒரு வாட்ஸ்அப், இரண்டு வரியில்: நாம் பேசினோம், செக் திரும்பியது, கடிதம் வருகிறது. அவர் “ஓகே தம்பி” என்று பதில் போட்டால், செக் திரும்பியது அவருக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

3. கணக்கைத் திருப்புங்கள், பிறகு எழுதுங்கள்

செக்கைப் போட்ட அன்றே அவர் கணக்கில் ரிம 3,480 வரவு வைத்திருப்போம். இப்போது அந்த வரவைத் திருப்ப வேண்டும். அவர் பேரில் ரிம 3,480 பற்று, பேங்க் கணக்கில் வரவு. தேதி 17 ஜூன், விவரத்தில் செக் எண்ணையும் ‘திரும்பியது’ என்பதையும் எழுதுங்கள்.

முந்தைய வரவை அழிக்காதீர்கள். எங்கள் கடைக்கு வந்த ஒரு பெண் பிள்ளை, கணினியில் பழைய ரசீதையே நீக்கிவிட்டாள். கணக்கு சரியாகத்தான் வந்தது, ஆனால் செக் வந்ததும் போனதும் எங்கேயும் இல்லை. வாடிக்கையாளர் கையில் மட்டும் எங்கள் ரசீது இருந்தது! “நான் கட்டிட்டேன், இந்தா ரசீது” என்றார் அவர். எங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. வந்ததும் தெரிய வேண்டும், திரும்பியதும் தெரிய வேண்டும்.

விற்பனைக்குப் புது பில்லும் போடாதீர்கள். பழைய இரண்டு பில்லும்தான் இப்போது கட்டாமல் நிற்கின்றன. புது பில் போட்டால் விற்பனை இரண்டு முறை பதிவாகும், வருமான வரிக் கணக்கில் அதைத் தேடித் திருத்துவது தனி வேலை.

திருப்பிய பிறகு, அடுத்த படியில் வரும் டெபிட் நோட்டையும் ஏற்றிவிட்டு, அவருடைய கணக்கு அறிக்கையை அச்செடுங்கள். நோட்டீஸோடு போகும் இணைப்பு அது. கடிதத்தில் எழுதும் தொகையும் அந்த அறிக்கையின் கடைசி வரியும் காசு பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

4. பேங்க் கட்டணத்தில் எது நம்முடையது

சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் பத்து வெள்ளிக்கு.

நாம் கேட்கலாம் என்பது, இந்த ஒரு செக் திரும்பியதற்காக நம் பேங்க் நம் கணக்கில் பிடித்த தொகை. எவ்வளவு என்று யூகிக்காதீர்கள், பேங்குக்குப் பேங்க் வித்தியாசம். அறிக்கையில் அச்சாகியிருக்கும் எண்ணை அப்படியே எடுங்கள். எங்களுக்கு ரிம 10.00 பிடித்திருந்தது. உங்கள் பேங்க் ஒன்றும் பிடிக்கவில்லை என்றால் கேட்க ஒன்றும் இல்லை.

கேட்கக் கூடாதவை சில. அவருடைய பேங்க் அவரிடம் பிடித்த அபராதம் அவருக்கும் அவர் பேங்குக்கும் உள்ளது, அதை நம் கடிதத்தில் சேர்த்தால் ஒரே காசை இரண்டு முறை கேட்பதாகும். செக் ஒவ்வொன்றுக்கும் பேங்க் எடுக்கும் 50 சென் எழுதியவரிடம்தான் போகும், நம்மிடம் அல்ல. அப்புறம், இந்த செக் வரும் என்று நம்பி நாம் மொத்த வியாபாரிக்கு எழுதிய செக்கும் திரும்பினால், அந்த இழப்பையும் இவர் தலையில் போட மனம் வரும். கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நோட்டீஸில் வேண்டாம். நம் கணக்கில் காசு வைத்திருக்க வேண்டியது நாம்தான் என்பார், பதில் சொல்வது கடினம்.

‘நிர்வாகச் செலவு ரிம 100’ என்று வட்டமாக ஒரு தொகை போடும் கடைகள் உண்டு. நம் நாட்டு 1950 ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74, ஒப்பந்தம் மீறியதால் இயல்பாக வரும் இழப்பைக் கேட்க வழி விடுகிறது. கேட்பது உண்மையான இழப்பாக இருந்தால் நிற்கும். பத்து வெள்ளி இழந்தவர் நூறு கேட்டால் மூவாயிரத்து நானூறு கேட்கும் கடிதமே சந்தேகமாகத் தெரியும். கடன் படிவத்தில் ‘செக் திரும்பினால் பேங்க் கட்டணம் வாடிக்கையாளர் பொறுப்பு’ என்று ஒரு வரி இருந்து அவர் கையெழுத்தும் இருந்தால் இன்னும் உறுதி. எங்கள் படிவத்தில் அந்த வரி இருந்தது, அதன் எண்ணைக் கடிதத்தில் குறித்தேன்.

அந்தப் பத்து வெள்ளிக்கு ஒரு டெபிட் நோட் தனியாகப் போடுங்கள். டயர் பணத்தோடு கலக்காதீர்கள். அவர் 3,480 மட்டும் அனுப்பினால் எது பாக்கி என்று அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

5. நாளும் வழியும் முடிவு செய்யுங்கள்

‘உடனடியாகக் கட்டவும்’ என்று எழுதாதீர்கள். உடனடி என்றால் எப்போது என்று ஆளுக்கொரு கணக்கு. ‘கடிதம் கிடைத்து 7 நாளுக்குள்’ என்பதும் சிக்கல், என்றைக்குக் கிடைத்தது என்று தனியாக வாதம் நடக்கும். காலண்டர் தேதி போடுங்கள், கிழமையோடு, நேரத்தோடு.

சட்டத்தில் இத்தனை நாள் என்று நமக்கு விதி இல்லை. ஏழு முதல் பதினான்கு நாள் பொதுவாகக் கொடுப்பது. நான் முதலில் 27 ஜூன் வெள்ளி என்று எழுதியிருந்தேன். காலண்டரைப் புரட்டினால் அன்று அவால் முஹாரம், பொது விடுமுறை. 30 ஜூன் திங்கள் என்று மாற்றினேன். மாதக் கடைசிக்குள் மில் பணமும் அவருக்கு வந்துவிடும். ஆளுக்குப் பணம் வரும் நாளுக்கு முந்தி கெடு வைத்தால் கெடு தவறத்தான் செய்யும், பிறகு அந்தக் கடிதத்துக்கு மதிப்பில்லை.

கட்டும் வழியையும் நாமே சொல்ல வேண்டும். டூயிட்நவ், அல்லது கடைக்கு வந்து ரொக்கம், ரசீது வாங்கிக்கொண்டு. பேங்கர்ஸ் செக் தந்தாலும் சரி. சாதாரண செக் வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கெடு நாளன்று மாலை ஐந்து மணிக்கு இன்னொரு செக்கை நீட்டுவார், கெடுவுக்குள் கொடுத்ததாகவும் ஆகிவிடும்.

6. இப்போது நோட்டீஸ்

எழுதும் முன் மூன்று எச்சரிக்கை.

முதலாவது, யார் பெயருக்கு. செக்கில் அச்சான கணக்குப் பெயரும் நம் பில்லில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். செக் ஒரு செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனியுடையது என்றால் கடிதம் கம்பெனிக்கு, பதிவு முகவரிக்கு. கையெழுத்துப் போட்ட டைரக்டர் நமக்குத் தெரிந்தவர் என்பதற்காக அவர் சொந்தப் பெயருக்கு எழுதினால், கடன் என்னுடையது அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். தனி ஆள் தொழில் என்றால் அவர் பெயரும் தொழிலின் பதிவுப் பெயரும் இரண்டும் போடுங்கள்.

இரண்டாவது, தமிழ்நாட்டு மாதிரிகளைப் பார்த்து எழுதாதீர்கள். இணையத்தில் தமிழில் தேடினால் கிடைப்பதெல்லாம் ‘பிரிவு 138, 15 நாளில் கட்டாவிட்டால் சிறை’ என்றே இருக்கும். அது இந்தியாவின் 1881 சட்டம். நம் நாட்டில் காசோலைக்கு 1949 மாற்றுமுறி ஆவணச் சட்டம். செக்கில் பணமில்லாமல் போவது இங்கே தனியொரு குற்றம் அல்ல, பாக்கிக்கான சிவில் விவகாரம். ஏமாற்றும் எண்ணத்தோடு கொடுத்தார் என்று காட்டினால்தான் தண்டனைச் சட்டம் வரும், அது வேறு கதை. இல்லாத பிரிவைக் காட்டி மிரட்டும் கடிதத்தை அவர் ஒரு வக்கீலிடம் காட்டினால் சிரிப்பார். போலீஸ், பேங்க் நெகாரா என்ற சொற்களே வேண்டாம்.

மூன்றாவது, தலைப்பில் ‘தன்பா பிரெஜுடிஸ்’ என்று போடும் பழக்கம். வக்கீல் கடிதங்களில் பார்த்துக் கனமாகத் தெரியும் என்று போடுகிறார்கள். சமரசப் பேச்சுக்கான கடிதத்தில்தான் அதற்கு இடம், அப்படிப்பட்டதைப் பின்னால் நீதிமன்றத்தில் காட்டவிடாமல் தடுப்பதற்கு. நமக்கோ இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை, நீதிமன்றத்துக்குப் போகும் வாய்ப்பு இருப்பதால் மலாயில் ‘நோத்திஸ் துந்துத்தான்’ என்று ஒரு பிரதி கையெழுத்தாக வேண்டும். நான் தமிழில் முதலில் எழுதி, பொருள் சரியா என்று பார்த்துவிட்டு மலாயில் போடுவேன். இரண்டையும் சேர்த்தே கொடுப்பேன், அவர் வீட்டில் யாரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். லோரி அண்ணனுக்குப் போனது இது:

> தேதி: 18 ஜூன் 2025
>
> பொருள்: திரும்பிய காசோலை எண் 004417, ரிம 3,480.00
>
> ஐயா,
>
> எங்கள் பில் எண் 1147 (ரிம 2,160.00), எண் 1162 (ரிம 1,320.00) ஆகிய இரண்டுக்கும் நீங்கள் கொடுத்த, 13 ஜூன் 2025 தேதியிட்ட மேற்கண்ட காசோலையை 16 ஜூன் 2025 அன்று எங்கள் வங்கியில் செலுத்தினோம். ‘போதிய பணம் இல்லை’ என்ற காரணத்துடன் அது 17 ஜூன் 2025 அன்று திரும்பியது. இதைத் தொலைபேசியில் அன்றே தங்களிடம் தெரிவித்தோம்.
>
> ஆகவே இரண்டு பில்லும் முழுமையாக நிலுவையில் உள்ளன. காசோலை திரும்பியதற்காக எங்கள் வங்கி ரிம 10.00 பிடித்துள்ளது. கடன் கணக்குப் படிவத்தின் 6-ஆம் நிபந்தனைப்படி இதுவும் தங்களைச் சார்ந்தது.
>
> செலுத்த வேண்டியது: ரிம 3,480.00 + ரிம 10.00 = ரிம 3,490.00
>
> இத்தொகையை 30 ஜூன் 2025, திங்கட்கிழமை மாலை 5 மணிக்குள் கீழ்க்கண்ட கணக்கிற்கு டூயிட்நவ் மூலமோ, கடையில் ரொக்கமாகவோ, வங்கியாளர் காசோலையாகவோ செலுத்தக் கேட்டுக்கொள்கிறோம். சாதாரணக் காசோலை ஏற்கப்படாது. பழைய காசோலையை நாங்கள் மீண்டும் செலுத்தமாட்டோம்.
>
> தொகையை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதன் விவரத்தைத் தெரிவிக்கவும். பில்லில் மறுப்பு இருந்தால் இதே தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்.
>
> குறித்த நாளுக்குள் தொகை கிடைக்காவிட்டால், மறு அறிவிப்பின்றி நீதிமன்றத்தின் மூலம் பெற நடவடிக்கை எடுப்போம்.
>
> இணைப்பு: காசோலைத் திரும்புத் தாளின் நகல், இரண்டு பில், டெபிட் நோட், கணக்கு அறிக்கை

இதில் ‘ஏமாற்று’, ‘மோசடி’ என்ற சொல் இல்லை. காரணத்தைத் திரும்பிய தாளில் உள்ளபடி சொன்னால் போதும். ‘பழைய காசோலையை மீண்டும் செலுத்தமாட்டோம்’ என்ற வரி அவருக்காக: பணம் அனுப்பிய பிறகு செக்கும் போய் இரண்டு முறை பிடித்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் தாமதிக்கிறார்கள். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள் என்ற வரி நமக்காக. அவர் மௌனமாக இருந்துவிட்டுப் பின்னால் டயரைப் பற்றிப் பேசினால், இந்த வரியைக் காட்டலாம்.

இணைப்பில் நகல்தான் போக வேண்டும். ஐஆர்டி அசலை உறைக்குள் போட்டுவிட்டு மறுநாள் என்னிடம் வந்து விழித்தவர்கள் இரண்டு பேர்.

7. கையில் சேர்ப்பது

தோட்டத்தில் இருப்பவருக்குத் தபால் நேராக வீட்டுக்குப் போகாது. தோட்டத்து ஆபீஸுக்குப் போய் மேசையில் கிடக்கும், கிராணி யாரிடமாவது கொடுத்துவிடுவார். சாதாரணத் தபால் வேண்டவே வேண்டாம்.

முதல் வழி நேரில். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஒட்டிய உறையில் அவர் கையில் கொடுங்கள். மற்றதில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து, பெயர், தேதி வாங்குங்கள். கையெழுத்துப் போட்டால் கடனை ஒப்புக்கொண்டதாகுமா என்று கேட்பார்கள். பெற்றதற்கு மட்டும்தான் என்று அந்த வரியிலேயே எழுதிக் காட்டுங்கள்.

அவர் கிடைக்கவில்லை என்றால் ஏஆர் பதிவுத் தபால். ஒப்புகை அட்டை திரும்பி வரும், அதுதான் சாட்சி. அதே நாளில் கடிதத்தின் பிடிஎஃப்பை அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். அவருக்கு மட்டும். எங்கள் ஊரில் ஒருவர் திரும்பிய செக்கின் படத்தைக் கோவில் திருவிழாக் குழுவில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு செக்கைப் பற்றிப் பேசவே முடியவில்லை, மானநஷ்டம் என்று வக்கீல் கடிதம் வந்துவிட்டது. செக்கில் அவருடைய கணக்கு எண் இருக்கிறது, அதைக் குழுவில் காட்ட நமக்கு உரிமையும் இல்லை.

8. பணம் வரும்போது

லோரி அண்ணன் 26-ஆம் தேதி டூயிட்நவ்வில் ரிம 3,480 அனுப்பினார். பத்து வெள்ளி இல்லை. போனில் அனுப்பிய படத்தை நம்பாமல், நம் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே ரசீது போட்டோம். ரசீதில் ‘பில் 1147, 1162 முழுவதும் கட்டப்பட்டது, டெபிட் நோட் ரிம 10.00 பாக்கி’ என்று எழுதினேன். அடுத்த வாரம் எஞ்சின் ஆயில் எடுக்க வந்தபோது கல்லாவில் பத்தை வைத்துவிட்டுப் போனார், பேச்சில்லாமல்.

பாதிப் பணம் வரும்போது மட்டும் கவனம். ‘இதோடு கணக்கு முடிந்தது’ என்ற குறிப்போடு குறைந்த தொகை வந்தால், அதை எடுத்துக்கொண்டு மீதியைக் கேட்க முடியாமல் போகலாம். நம் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 64 அப்படி. 1966-இல் ஃபெடரல் நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், முழு தீர்வு என்று சொல்லி அனுப்பிய நாலாயிரம் வெள்ளி செக்கை மாற்றிக்கொண்டவருக்கு மீதிக் கடன் போய்விட்டது. அப்படிக் குறிப்போடு வந்தால் பணத்தைத் தொடும் முன் முதலாளியிடம் கேளுங்கள். குறிப்பில்லாமல் வந்தால் ‘பகுதித் தொகை’ என்று ரசீதில் எழுதி எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பிய தாளை எப்போது அவரிடம் கொடுப்பது? முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகு. புது செக்கை வாங்கிக்கொண்டு பழைய தாளைக் கொடுப்பது, கையிலிருப்பதை விட்டுவிட்டு வாக்கை வாங்குவது மாதிரி. கொடுக்கும்போது நகல் எடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்தும் வாங்குங்கள்.

9. கெடு தாண்டினால்

கெடு நாள் மாலையில் கணக்கைப் பாருங்கள். மறுநாள் காலையில் ஒரு போன், ஒரே ஒரு முறை. இரண்டாவது நோட்டீஸ், மூன்றாவது நோட்டீஸ் என்று போகாதீர்கள். கடிதத்தில் ‘மறு அறிவிப்பின்றி’ என்று எழுதிவிட்டு மறு அறிவிப்பு அனுப்பினால், கெடு என்பதே விளையாட்டு என்று அவருக்குத் தெரிந்துவிடும். தவணை கேட்டால் தேதியும் தொகையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

அதுவும் நடக்கவில்லை என்றால், ரிம 5,000-க்கு மேற்படாத பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு முறை இருக்கிறது. வக்கீல் தேவையில்லை, படிவம் 198. நம் 3,490 அதற்குள் அடங்கும். கடை எந்தப் பெயரில், எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்ற தாளை எடுத்துக்கொண்டு முதலில் பதிவகக் கவுண்டரில் கேளுங்கள், யார் பெயரில் மனு போட வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. தீபகற்பத்தில் இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட ஆறு வருட காலம் இருக்கிறது, அதனால் ஒரு வாரம் தாமதமானால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் டெலிவரி தாளில் கையெழுத்துப் போட்ட டிரைவர் ஆறு வருடம் இதே ஊரில் இருப்பார் என்று சொல்ல முடியாது. எடுத்துப் போக வேண்டியவை: ஐஆர்டி, பில், டெலிவரி தாள், கையெழுத்தான நோட்டீஸ் பிரதி அல்லது ஏஆர் அட்டை, வாட்ஸ்அப் உரையாடலின் அச்சு, கணக்கு அறிக்கை. இதே வரிசையில் அடுக்கிக் கொண்டு போங்கள், கவுண்டரில் இருப்பவர் மேலிருந்து கீழாகத்தான் கேட்பார்.